பிரிவுபசார லீவு மெயில்

மல்லிகா: டேய் செந்தில், வேலையை விடுறியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

செந்தில்: நானாக்கா? யார் சொன்னா?

மல்லிகா: நீயேதான். சாருக்கு மெயில் போட்டு எனக்கும் காப்பி வெச்சிருக்கியே. "தாங்கள் காட்டிய அன்பை என்றும் மறவேன், தங்களின் பரந்த உள்ளத்துக்குக் கடமைப்பட்டுள்ளேன்." ஹெச்.ஆர். பொண்ணு இப்பதான் வந்து, கேக்குக்கு ஆளுக்கு எவ்வளவு போடலாம்னு கேட்டுட்டுப் போறா.

செந்தில்: ஐயோ, லீவு அப்ரூவ் ஆச்சுக்கா! தங்கச்சி கல்யாணம். அதுக்கு நன்றி சொன்னேன்.

மல்லிகா: லீவுக்கா இவ்வளவும்? சம்பளத்தோட வர்ற லீவுடா அது. அவர் வீட்டு வயல்ல விளைஞ்சு, மரக்கால் போட்டு அளந்து குடுத்தாரா? சரி, எப்போ போற?

செந்தில்: அதான் போட்டிருக்கேனே. "வெள்ளி முதல் புதன் வரை".

மல்லிகா: எந்த வெள்ளி? புதன்கிழமை வருவியா, புதனும் லீவா?

செந்தில்: புதனும் லீவுக்கா. வியாழன் வருவேன்.

மல்லிகா: அது உன் மனசுல இருக்கு, மெயில்ல இல்லையே. சார் புதன்கிழமை காலைல உன் சீட்டை எட்டிப் பார்ப்பாரு. நீ கோவில்பட்டில மறுவீட்டு விருந்துல உக்காந்திருப்ப. அப்பளத்தை நொறுக்கும்போது போன் வரும். "எங்கப்பா இருக்க?"

செந்தில்: தேதி அப்ளிகேஷன்லயே இருக்கேக்கா.

மல்லிகா: அதை அவர் மறுபடி தேடுவாருன்னு நம்புறியா? அவர் "அப்ரூவ்டு"ன்னு அனுப்பினாரே, அதுக்கே பதில் போட்டிருந்தா கீழேயாவது இருந்திருக்கும். நீ புதுசா ஒரு மெயில் ஆரம்பிச்சு, தலைப்புல "நன்றி"ன்னு போட்டிருக்க. கேக்குக்கு ஏன் காசு வசூல் பண்ண மாட்டாங்க?

செந்தில்: கேக்கை விடுங்கக்கா.

மல்லிகா: அடுத்த வரி. "என் பணிகளை மல்லிகா மேடம் கவனித்துக்கொள்வார்." எங்கிட்ட எப்படா கேட்ட?

செந்தில்: இப்ப கேக்கலாம்னு...

மல்லிகா: எந்தப் பணிகளை? உன் செடிக்குத் தண்ணி ஊத்தணுமா? மதியம் மூணு மணிக்கு உன் சார்புல தூங்கணுமா?

செந்தில்: ஜூன் மாச டிடிஎஸ் மட்டும்தான்க்கா. பில்லுல பிடிச்ச வரியை ஏழாம் தேதிக்குள்ள கட்டணும்.

மல்லிகா: மட்டும்தானா! ஒரு நாள் தள்ளினாலும் மாசத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. அதுவும் பிடிச்ச தேதிலேர்ந்து. போறதுக்கு முன்னாடி நீயே கட்டிடேன்.

செந்தில்: காண்ட்ராக்டர் பில் ரெண்டு இன்னும் வரலக்கா. திங்கள்கிழமைதான் குடுப்பாங்களாம்.

மல்லிகா: இதைத்தான்டா எழுதணும்! நான் பேங்க்ல ஏத்தினா சார் அப்ரூவ் பண்ணாத்தான் பணம் போகும். அவருக்கே தெரியலைன்னா ஏழாம் தேதி சாயங்காலம் ரெண்டு பேரும் உன்னைக் கூப்பிடுவோம். நீ நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல நின்னு "ஹலோ, கேக்கல"ன்னு கத்துவ.

செந்தில்: கல்யாணம் ஆறாம் தேதியே முடிஞ்சிருமேக்கா.

மல்லிகா: ரொம்ப முக்கியம். எழுது. நன்றி ஒரு வரிதான், தாண்டினா கையை ஒடிப்பேன்.

(செந்தில் தட்டுகிறான். "பரந்த" என்ற சொல் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் அழிகிறது.)

செந்தில்: கேளுங்க. "சார், லீவு அனுமதிக்கு நன்றி. ஜூலை 3 வெள்ளி முதல் 8 புதன் முடிய லீவு. 9 வியாழன் காலை வேலைக்கு வருவேன். ஜூன் டிடிஎஸ்ஸை மல்லிகா மேடம் 7-ம் தேதிக்குள் கட்டுவார், அவரிடம் பேசிவிட்டேன். பாக்கி இரண்டு பில்களும் திங்கள்கிழமை அவரிடம் வரும். அவர் பேங்கில் ஏற்றியதும் தாங்கள் அப்ரூவ் செய்ய வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் 11-ம் தேதிக்குள் போட வேண்டும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்."

மல்லிகா: "பேசிவிட்டேன்"னு போட்டிருக்க, சரிதான். நான் சரின்னு சொன்னேனா?

செந்தில்: அக்கா...

மல்லிகா: கல்யாண வீட்டு அதிரசம் ஒரு டப்பா. அனுப்பு.

செந்தில்: போயிருச்சு. ஆனா இவ்வளவு வெட்டி வெட்டி எழுதினா சார் கோவிச்சுக்க மாட்டாரா?

மல்லிகா: போன தடவை அவர் ஊட்டிக்குப் போனாரே, நமக்கு என்ன வந்துச்சு? "நான் லீவில்." அதுவும் தொட்டபெட்டால இருந்து. அவர் கையெழுத்துக்கு நாம வெச்ச காகிதம் எல்லாம் மேசைல காய்ஞ்சு கிடந்துச்சு. அவர் யார் பரந்த உள்ளத்துக்குக் கடமைப்பட்டாரு?

செந்தில்: பதில் வந்துருச்சுக்கா!

மல்லிகா: என்ன சொல்றாரு?

செந்தில்: "ஓகே செந்தில். 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட மறந்துடாதீங்க."

மல்லிகா: ...

செந்தில்: இதுக்கும் நன்றி சொல்லணுமாக்கா?