ஆறு பார் குறைந்ததெல்லாம் நிரூபணம் ஆகாது

நேற்று குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "புது கணிப்பு முறையில் பிழை 13% குறைந்தது" என்று தம்பி படம் போட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு "அண்ணனுக்குப் பொறாமை" என்று பதில் வந்தது. ராத்திரி தூக்கமே வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கேட்டது இதுதான்: அந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காசிமேட்டில் எங்கள் ஐஸ் கம்பெனியில் மூன்று நாள் கழித்து எத்தனை ஐஸ் பார் விற்கும் என்று தினமும் கணிக்க வேண்டும். பழைய முறை, தெரிந்த கடைசி பத்து நாள் விற்பனையின் சராசரி. ஜூன் 15-லிருந்து 60 நாள் இரண்டு முறையையும் ஓட்டினோம். பழையதன் சராசரிப் பிழை 46 பார், புதியதற்கு 40. ஆறு பார் குறைவு. இதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் இரண்டு சராசரிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு நாளும் பழைய முறையின் பிழையிலிருந்து புதியதன் பிழையைக் கழித்து, அந்த 60 வித்தியாசங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றின் உண்மையான சராசரி பூஜ்யமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி. டீபோல்டும் மரியானோவும் 1995-இல் கொடுத்த சோதனை இதுதான்.

"நாங்களும் டி-டெஸ்ட் போட்டோமே" என்றார் தம்பி. போட்டார், சரி. வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 20. அதை 60-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.58. ஆறை அதால் வகுத்தால் 2.32. இந்த விடை இரண்டைத் தாண்டினால் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தாண்டிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்கிறார்.

இங்கேதான் தப்பு. அந்தக் கணக்கு 60 நாளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறது. வியாழக்கிழமை திடீரென்று காற்று கிளம்பிப் படகுகள் போகவில்லை என்று வையுங்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்றுக்கும் கணிப்பு திங்கள், செவ்வாய், புதனிலேயே போட்டாகிவிட்டது. ஒரே காற்று மூன்று நாள் கணிப்பையும் கெடுக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்து நாள் வித்தியாசங்கள் ஒட்டிக்கொண்டே வரும். எங்கள் தரவில் ஒரு நாள் இடைவெளியில் தொடர்பு 0.5, இரண்டு நாளுக்கு 0.3. இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்கி ஒன்றோடு சேர்த்தால் 2.6. மாறுபாடு, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம், 400 இல்லை, 1040. அதை 60-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இப்போது வகுக்கும் எண் 4.16, விடை 1.44. சிறிய தரவுக்கு ஹார்வே, லேபோர்ன், நியூபோல்ட் 1997-இல் சொன்ன திருத்தத்தையும் போட்டால் 1.38. இரண்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

என் அப்பா இதே துறைமுகத்தில் ஐஸ் வண்டி தள்ளியவர். ஒரு வாரம் நல்ல விற்பனை பார்த்துவிட்டு முதலாளி இரட்டிப்பாக பார் எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் பாதி தண்ணீராய் ஓடியது. அந்த நஷ்டத்தை அப்பா கூலியில்தான் பிடித்தார்கள். எனக்கு இது வெறும் கணக்கு இல்லை.

"அப்போ இரண்டு முறையும் சமம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நிரூபணம் ஆகவில்லை என்பதும் சமம் என்பதும் வேறு வேறு. 60 நாளில் இதற்கு மேல் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

"வாடிக்கையாளருக்கு இதெல்லாம் எதற்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றையும் யாரும் பார்க்கவில்லை. 60 நாளில் புது முறையால் பிழை குறைந்த லாபம் மொத்தம் 360 பார். அதில் 312 பார், முதல் 12 நாளிலேயே வந்துவிட்டது. ஏன்? 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14-உடன் முடிகிறது. பத்து நாள் சராசரியில் தடைக்கால விற்பனை கலந்திருந்தது சரியாக அந்த 12 நாள்தான். பதின்மூன்றாம் நாள் கணிப்பில் அது முழுதாகக் கழன்றுவிட்டது. மிச்சம் 48 நாளில் புது முறையின் லாபம் நாளுக்கு ஒரே ஒரு பார். தடை முடியும் தேதி புது முறைக்குத் தெரியும், அது அதன் பலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வருஷத்தில் ஒரு முறை வரும் பலம். அதுவும் இல்லாமல், வித்தியாசங்களின் சராசரி இப்படி நடுவில் மாறிவிட்டால் இந்தச் சோதனையே ஆட்டம் காணும், ஏனென்றால் அது மாறாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்பது அது. வித்தியாசங்களை ஒரு கோடாக வரைந்திருந்தால் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்திருக்கும்.

இதை வரைந்து அனுப்பினேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் இந்தக் கணக்கைப் பார்க்கிறவனைப் பொறாமைக்காரன் என்று சொல்ல மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. தம்பி, உங்கள் முறை தோற்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. தடைக்காலம் கலக்காத இன்னும் நூறு நாள் ஓட்டுங்கள். இரண்டு முறையின் பிழையையும் தேதி வாரியாக எழுதி வைக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.