யோசேப்பின் வஸ்திரமும் யூசுப் நபியின் சட்டையும்

எங்கள் தோட்டத்து டவுனில் ஒரு சின்ன வாசிப்பு வட்டம் இருக்கிறது. செம்பனை மில்லில் வேலை செய்கிறவர்கள், ஒரு டீச்சர், சாப்பாட்டுக் கடை பாய், நான், இன்னும் சிலர். யாக்கோபின் மகன் யோசேப்பின் வரலாறு பைபிளின் ஆதியாகமத்தில் 37ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது, குர்ஆனில் 12ஆவது சூரா முழுக்க, 111 வசனங்களும் ஏறக்குறைய அவரைப் பற்றித்தான். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடு என்றார்கள். நான் இந்து, அதனால் நான் எழுதினால் நடுநிலையாக இருக்கும் என்று நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வரைவைப் பாயிடம் கொடுத்தேன். தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார், ஒரு வரியில் விரலை வைத்தார். "கிழிந்த சட்டை பற்றிய பகுதி குர்ஆனில் சேர்க்கப்பட்டிருக்கிறது" என்று எழுதியிருந்தேன். "யாரு தம்பி சேர்த்தது? நாங்க அப்படி நம்பலையே" என்றார், கோபமே இல்லாமல்.

அவர் சொன்னது சரி. 'சேர்க்கப்பட்டது', 'விடுபட்டது', 'மாற்றப்பட்டது' என்று எழுதும்போதே ஒரு நூலை அளவுகோலாக வைத்து மற்றதை அளக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆதியாகமம் காலத்தால் முந்தியது என்பது வரலாற்றுச் செய்தி, அதைத் தனி வாக்கியமாகச் சொல்லலாம். ஒப்பிடும் வாக்கியத்துக்குள் அதை ஒளித்து வைக்கக் கூடாது.

அந்தச் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 39இல் எஜமானனின் மனைவி யோசேப்பின் வஸ்திரத்தைப் பிடிக்கிறாள், அவர் அதை அவள் கையில் விட்டுவிட்டு ஓடுகிறார். அந்த வஸ்திரத்தைக் காட்டித்தான் அவள் குற்றம் சாட்டுகிறாள், கணவன் கோபமடைந்து அவரைச் சிறையில் போடுகிறான். குர்ஆனில் யூசுப் நபியின் சட்டை பின்பக்கமாகக் கிழிகிறது. அவள் குடும்பத்திலேயே ஒருவர், முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை என்கிறார். சட்டையைப் பார்த்ததும் அவர் குற்றமற்றவர் என்று கணவனுக்கே தெரிந்துவிடுகிறது. அப்படியும் பிறகு சிறைக்குத்தான் போகிறார், அவர்கள் அழைக்கும் செயலைவிடச் சிறையே எனக்கு விருப்பம் என்று அவரே இறைவனிடம் சொன்ன பிறகு.

பாருங்கள், ஒன்றில் உடை பொய்ச் சாட்சியாகிறது, மற்றதில் உண்மைச் சாட்சியாகிறது. இதை மழுப்பி "இரண்டு வேதமும் ஒன்றையே சொல்கின்றன" என்று முடிப்பதும் நடுநிலை இல்லை, இரண்டு பேருடைய நூலையும் சரியாக வாசிக்காமல் விட்டதுதான். நல்லிணக்கக் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைத்தான் அதிகம் கேட்கிறேன், எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

அடுத்த சிக்கல் தமிழிலேயே இருக்கிறது, அதை டீச்சர்தான் கண்டுபிடித்தார். பழைய தமிழ் பைபிளில் யோசேப்பு 'அவன்', தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் யூசுப் 'அவர்'. இரண்டிலிருந்தும் அப்படியே எடுத்து எழுதினால் ஒரு பத்தியில் மரியாதை, மறு பத்தியில் இல்லை என்று படிக்கிறவர் நினைப்பார், அது மொழிபெயர்ப்பு நடை என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் இப்படி வைத்துக்கொண்டோம்: மேற்கோள் உள்ளது உள்ளபடி, நம் வாக்கியத்தில் இரண்டு இடத்திலும் 'அவர்'. பெயரை மட்டும் ஒன்றாக்கவில்லை. ஆதியாகமப் பகுதியில் யோசேப்பு, குர்ஆன் பகுதியில் யூசுப் நபி. அதேபோல 'கதை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வரலாறு' என்று போட்டோம், கட்டுக்கதை என்ற வாடை வரக் கூடாது என்பதற்காக.

அப்புறம் ஜுலைகா. அந்தப் பெண்ணின் பெயர் ஜுலைகா என்று பலரும் சொல்வார்கள், நானும் எழுதியிருந்தேன். இரண்டு நூலிலுமே அவளுக்குப் பெயர் கிடையாது. ஒன்றில் போத்திபாரின் மனைவி, மற்றதில் அஜீஸின் மனைவி. ஜுலைகா என்பது பிற்கால மரபில் வருவது. வேதத்தில் இருப்பதையும் மரபில் வருவதையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் ஒப்பீடே குழம்பிவிடும், அதனால் மரபுச் செய்திகளைத் தனியாகக் கீழே போட்டோம்.

கடைசிப் பத்தி மகன் உயிரோடு இருக்கிறான் என்று தகப்பன் அறிகிற இடம். ஆதியாகமத்தில் யோசேப்பு அனுப்பிய வண்டிகளைப் பார்த்ததும் யாக்கோபுக்கு உயிர் வந்தது போலாகிறது. குர்ஆனில் மகனின் சட்டை வந்து சேருமுன்பே யஃகூப் நபி அதன் வாசனையை உணர்கிறார், சட்டையை முகத்தில் போட்டதும் இழந்த பார்வை திரும்புகிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, நடுவில் 'ஆனால்' போட்டிருந்ததை அடித்துவிட்டேன். பாய் இந்த முறை எதிலும் விரல் வைக்கவில்லை, கடைச் சுவரில் ஒட்ட ஒரு பிரதி கேட்டார்.