விலை இறங்கிய விமான டிக்கெட்: வித்தியாசம் முழுக்கக் கைக்கு வராது

"விலை இறங்கினா கேன்சல் பண்ணிட்டு புதுசா போடுங்க, வித்தியாசம் அப்படியே லாபம்" என்று சிலர் சொல்வதுண்டு.

அப்படியே வராது. 9000க்கு வாங்கியது இப்போது 6500 என்று வைத்துக்கொள்வோம். ரத்துக் கட்டணம் 3000 என்றால் கைக்குத் திரும்புவது 6000தான். புது டிக்கெட்டுக்கு மேலும் 500 போட வேண்டும். விலை இறக்கம் ரத்துக் கட்டணத்தைத் தாண்டினால்தான் பணமாக வாங்குவதில் அர்த்தம்.

ரத்துக் கட்டணமில்லாமல், பணத்துக்குப் பதில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகத் தரும் டிக்கெட் என்றால் கணக்கு மாறும்: 9000 கிரெடிட்டில் 6500 போக, 2500 மிச்சம். "கிரெடிட்டே எப்பவும் மேல்" என்று சிலர் சொல்வது பாதி சரி. சில மலிவு டிக்கெட்டுகளில் மிச்சத்தைத் தரவே மாட்டார்கள். தந்தாலும், காலாவதி பெரும்பாலும் முதலில் டிக்கெட் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். என்னுடைய கிரெடிட் ஒன்று அப்படித்தான் வீணாய்ப் போனது. புதுத் தேதியிலிருந்து ஒரு வருடம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம், எடுத்ததுமே ரத்து செய்யாதீர்கள். முதலில் மாற்றும் பக்கத்தில் அதே விமானத்தைத் தேர்ந்து, கடைசித் திரையில் மிச்சம் எவ்வளவு, எந்த வடிவில் என்று பாருங்கள். தேடலில் தெரிந்த 6500, பெட்டி சேராத வேறு வகை டிக்கெட்டாகவும் இருக்கலாம். லாயல்டி பாயிண்டில் வாங்கிய டிக்கெட் என்றால், அதன் விதி தனி.