ரத்த வகையும் இனமும்: ஒரு திருத்தம்

“ரத்த வகையைப் பார்த்தாலே ஒருவர் எந்த இனம் என்று சொல்லிவிடலாம், இனத்துக்கு இனம் வகைகளின் விகிதமே வேறு வேறாக இருக்கிறதே?”

விகிதம் வேறுபடுவது உண்மை, அதிலிருந்து இனம் பிரிப்பதுதான் தவறு. முதல் உலகப் போரின்போது போலந்து மருத்துவர்களான ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் கிரேக்கத்தின் சலோனிகாவில் பல நாட்டுப் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்து, 1919இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏ உள்ளவர்களை பி உள்ளவர்களால் வகுத்து ஒரு குறியீட்டெண் போட்டார்கள். ஆங்கிலேயருக்கு அது 4ஐத் தாண்டியது, இந்தியருக்கு சுமார் 0.5 வந்தது. இதுவரை உங்கள் வாதம் ஜெயிப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அதே கணக்கில் வியட்நாமியரும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே பெட்டியில் விழுந்தார்கள். ரஷ்யர், துருக்கியர், அரேபியர் இன்னொன்றில்! அப்புறம் இந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

இந்த விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறுவதற்கு மலேரியாதான் காரணம் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. ஓ வகையினருக்குக் கடுமையான மலேரியா வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் ஏறக்குறைய எல்லோரும் ஓ என்பதற்கு, முதலில் குடியேறிய கூட்டம் சிறியது என்ற தற்செயலும் பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. எது எவ்வளவு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

“நான் ஓ, என் அண்ணன் ஏபி, ஆய்வகம் தப்பு செய்துவிட்டதா?” என்று கேட்டவருக்கு: தப்பாக இருக்கவேண்டியதில்லை. ஏ அப்பா, பி அம்மா இருவருமே ஓ மரபணுவை மறைவாகச் சுமந்தால் அவர்களுக்கு நான்கு வகையிலும் பிள்ளைகள் பிறக்கலாம். இனக் கேள்விக்குத் திரும்பினால், ஏ, பி வேறுபாடு மனிதருக்கு முன்பே தோன்றியது, கிப்பன் குரங்குகளிடமும் அது உண்டு.