பில் போட்டாலும் குரூப்புக்கு லாபம் வரவில்லை

குரூப் கம்பெனிகளின் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கன்சாலிடேஷன் பற்றி இப்படி ஒரு மெசேஜ் சுற்றுகிறது: "குரூப் கம்பெனிக்கு விற்ற சரக்குக்கு பில் போட்டாச்சு, ஜிஎஸ்டி கட்டியாச்சு, பணமும் வந்தாச்சு. லாபம் நிஜம்தான். கன்சாலிடேஷனில் ஸ்டாக்கிலிருந்து கழிக்க வேண்டாம்."

தவறு. அந்த லாபம் விற்ற கம்பெனியின் தனிக் கணக்கில் மட்டும் சரி. குரூப்பை ஒரே கம்பெனியாகப் பார்த்தால், சரக்கு ஒரு குடோனிலிருந்து இன்னொரு குடோனுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெளியாள் வாங்கும்வரை லாபம் கிடையாது.

தாய் கம்பெனி 80,000 ரூபாய் அடக்கச் சரக்கை 1,00,000-க்குத் துணைக் கம்பெனிக்கு விற்கிறது. மார்ச் 31 அன்று அதில் 40,000 ரூபாய் சரக்கு விற்காமல் கிடக்கிறது. பலர் இங்கே 25 சதவீதம் என்று 10,000 கழித்துவிடுவார்கள். அந்த 25 அடக்க விலை மீதான சதவீதம். 40,000 விற்பனை விலை. எனவே 40,000 × 25/125 = 8,000. இதை ஸ்டாக்கிலும் குரூப் லாபத்திலும் கழித்தால் ஸ்டாக் 32,000-க்கு வரும், அதாவது குரூப்புக்கு உண்மையில் ஆன அடக்கம். விற்றுப்போன 60,000-க்கான 12,000 லாபத்தைத் தொட வேண்டாம். மிச்சச் சரக்கு அடுத்த ஆண்டு வெளியே விற்றால் இந்த 8,000 அப்போது லாபமாக வரும்.

துணைக் கம்பெனியில் 70 சதவீதப் பங்கு மட்டும் இருந்தாலும் 8,000 முழுசாகவே கழியும். இந்திய கணக்கியல் தரநிலை 110-ன் B86 பத்தியிலும், பழைய 21-ஆம் தரநிலையிலும் இதைப் பார்க்கலாம். அந்த மெசேஜ் வந்தால் மேற்கொண்டு ஃபார்வேர்டு செய்யாதீர்கள். தேர்வு நேரம் வேறு.