சார் நல்லவர்தான், ஆனால் அவர் விசாரிக்கக் கூடாது

இருபது வருடமாகத் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். உள்விசாரணைகளில் தொழிலாளிக்குத் துணையாக உட்கார்ந்து பழகியவன். போன வருடம் ஒரு ஸ்டோர்ஸ் தொழிலாளி என்னிடம் வந்தார். கேட் பக்கத்தில் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று அவருக்கு சார்ஜ் ஷீட். விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டிருந்தவர் உற்பத்திப் பிரிவு மேனேஜர். தொழிலாளி ஆட்சேபணைக் கடிதம் எழுதி முடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். "இவர் மேனேஜ்மென்ட் ஆள், என்னைப் பழிவாங்கத்தான் போட்டிருக்கிறார்கள்" என்று இரண்டு பக்கம்.

படித்துவிட்டு மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். இதைக் கொடுத்தால் ஒரே வரியில் தள்ளுபடியாகும்.

ஏன் என்றால், 'பழிவாங்குகிறார்' என்று சொன்னால் அது உண்மையான சார்பு பற்றிய குற்றச்சாட்டு. அதிகாரி முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார், என்ன சாட்சி வந்தாலும் மனம் மாற மாட்டார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள் இவனை வெளியே அனுப்பிவிடுகிறேன்" என்று அவரே யாருக்காவது வாட்ஸ்அப் அனுப்பி, அது நம் கையில் சிக்கினால் சரி. இல்லையென்றால் அடுத்தவர் மனதுக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்? போதாததற்கு, இந்த மேனேஜர் உண்மையிலேயே நல்ல மனிதர். இதே தொழிலாளியின் மகள் காலேஜ் ஃபீஸுக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்தவர். அப்படிப்பட்டவரிடம் போய் 'நீங்கள் நேர்மையற்றவர்' என்று கடிதம் நீட்டினால் விசாரணை தொடங்கும் முன்பே பகைதான் மிச்சம்.

"அண்ணே, சண்டை நடந்தப்போ அவர் எங்க இருந்தார்?" என்று கேட்டேன்.

"அவர்தாண்ணே வந்து எங்க ரெண்டு பேரையும் விலக்கிவிட்டார்."

விஷயம் அங்கேதான் இருந்தது. சம்பவத்தை நேரில் பார்த்தவர் சாட்சி. சாட்சியே விசாரணை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தால், தான் பார்த்தது, தான் கேட்டது என்று அவர் நினைப்பதெல்லாம் அறிக்கைக்குள் தானாக வந்துவிடும். அதைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு வழியே கிடையாது. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சார்பு இருக்குமோ என்று விவரம் தெரிந்த ஒரு சாதாரண மனிதருக்கு நியாயமாக அச்சம் வந்தாலே போதும், அவர் விலக வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்குப் பிடித்த வழக்கு 1987-இல் வந்த ரஞ்சித் தாக்கூர் தீர்ப்பு. அவர் ராணுவத்தில் சிக்னல்மேன். தன் மேலதிகாரி கொடுமைப்படுத்துகிறார் என்று நேராக உயரதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். முறைப்படி அனுப்பவில்லை என்று 28 நாள் தண்டனை. அதை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறிச் சாப்பிட மறுத்தார் என்று இன்னொரு குற்றச்சாட்டு. அதை விசாரித்த ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், முதலில் யார் மேல் புகார் எழுதினாரோ அதே அதிகாரி! ஒரு வருடக் கடுங்காவல், வேலையும் போனது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. நீதிபதி வெங்கடாசலய்யா அதில் சொன்ன அளவுகோல் இதுதான்: விசாரிப்பவர் தன் மனதைப் பார்த்து 'நான் சார்பாக இருக்கிறேனா' என்று எவ்வளவு நேர்மையாகக் கேட்டுக்கொண்டாலும் போதாது, எதிரில் நிற்பவரின் மனதைப் பார்க்க வேண்டும்.

'எனக்கு மனசாட்சி இருக்கிறது, நான் நியாயமாகத்தான் செய்வேன்' என்று சொல்லும் மேலாளர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

ஆட்சேபணை எப்படி எழுதுவது என்பதற்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2000-இல் எப்னர் வழக்கில் சொன்ன இரண்டு படி எனக்கு உதவியாக இருக்கிறது. முதலில், சந்தேகத்துக்குக் காரணமான உண்மை என்ன என்று சொல்ல வேண்டும். அடுத்து, அந்த உண்மை அவரைச் சாட்சியத்தை விட்டு வேறு பக்கம் இழுப்பது எப்படி என்று காட்ட வேண்டும். இரண்டாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'விசாரணை அதிகாரியும் சூப்பர்வைசரும் ஒரே ஊர்க்காரர்கள்' என்றால், சரி, அதனால் என்ன? அவர் சூப்பர்வைசரின் மச்சான் என்றால் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

கம்பெனி சம்பளம் வாங்குகிறவர் என்பதும் இதே ரகம்தான். உள்விசாரணை நடத்துபவரை நிர்வாகம்தானே நியமிக்கும்? கம்பெனி தன் வழக்கறிஞரையே விசாரணை அதிகாரியாகப் போட்டாலும் அது மட்டுமே சார்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சரண் மோட்டார்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு குறைவு, ஆனால் சட்டம் அதுதான்.

'நான் கையெழுத்துப் போடவில்லையே, சும்மா பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்' என்பதும் செல்லாது என்று காட்டும் வழக்கு மெல்போர்னில் நடந்தது. இஸ்ஸி என்ற நாய் ஒருவரைக் கடித்துவிட்டது. உரிமையாளர் மீதான வழக்கை மாநகராட்சி சார்பில் நடத்திய பெண் அதிகாரியே, நாயைக் கொல்வதா வேண்டாமா என்று பார்த்த மூவர் குழுவிலும் இருந்தார். இறுதி முடிவு அவருடையது அல்ல. ஆனாலும் 2015-இல் உயர் நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது. நம் ஊரில் சார்ஜ் ஷீட்டை எழுதிய ஹெச்.ஆர். அதிகாரி, விசாரணை முடிந்ததும் விசாரணை அதிகாரியின் அறையில் உட்கார்ந்து 'அறிக்கைக்கு உதவி' செய்வதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், நேரம். 1957-இல் மாணக் லால் வழக்கு. அவர் ஒரு வழக்கறிஞர், அவர் மேலேயே ஒழுங்கு நடவடிக்கை. விசாரணைக் குழுத் தலைவர் முன்பு ஒருமுறை எதிர்த் தரப்புக்காக ஆஜரானவர். அந்தக் குழு சரியில்லை என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவர் தோற்றார். தெரிந்திருந்தும் விசாரணை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, முடிவு பாதகமாக வந்ததும் கிளப்பினார் என்பதுதான் காரணம். முதல் நாளே எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

ஸ்டோர்ஸ்காரருக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்கூட இல்லை. 'தங்கள் நேர்மை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சம்பவத்தின்போது தாங்கள் கேட் அருகே இருந்தீர்கள், எங்களை விலக்கிவிட்டீர்கள். ஆகவே தாங்கள் இதில் முக்கிய சாட்சி. தாங்களே விசாரித்தால் தாங்கள் கண்டதைப் பற்றிக் கேள்வி கேட்கும் வாய்ப்பு எனக்கு இல்லாமல் போகும். வேறு அதிகாரியை நியமிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' மேனேஜர் படித்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், அவரே நிர்வாகத்துக்கு எழுதி விலகிக்கொண்டார். பத்து நாளில் வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்தார்.

மேனேஜர் சாட்சியாக வந்தார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "சார், நீங்க நின்ன இடத்துல என்ன வார்த்தை கேட்டுச்சு?"

"சத்தம் கேட்டுச்சு. மெஷின் ஓடிட்டிருந்தது. வார்த்தை எனக்குக் கேக்கல."