‘அது வந்து...’ வெறும் தடுமாற்றமா?

பரவும் கூற்று: “பேச்சில் வரும் ‘வந்து’, ‘அது வந்து’ எல்லாம் தடுமாற்றம்தான். எடுத்துவிட்டால் அர்த்தம் மாறாது.”

தவறு. “நாளைக்கு வர முடியுமா?” என்ற கேள்விக்குச் சம்மதம் என்றால் “வரேன்” என்று பட்டென்று பதில் வரும். “அது வந்து...” என்று இழுத்தாலோ, மறுப்போ நிபந்தனையோ வரப்போகிறது என்று கேட்டவருக்கு அப்போதே புரிந்துவிடும். “சரி, நாளான்னிக்கு?” என்று அவரே இறங்கிவர இடமும் கிடைக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது முகத்திலடித்தாற்போல் ஒரு “முடியாது”.

“இந்த வண்டி வந்து அண்ணனோடது” என்பதில் ‘வந்து’ பேசுபொருளைத் தனியே எடுத்து நிறுத்துகிறது. இங்கே தயக்கமே இல்லை. “இந்த... வந்து... வண்டி” என்று தொடரின் நடுவே இடைவெளியோடு விழுந்தால்தான் சொல்லைத் தேடுகிறார் என்று பொருள். அப்போதும் அது, ‘இன்னும் முடிக்கவில்லை’ என்று கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறது.